பெரிய குழாயா, நீர் இறங்கும் தரையா, ஈரநிலமா? வெள்ள வரைபடத்தின் உச்சியைப் பார்த்து முடிவெடுப்பது

மழைக்கு ஒரு தெரு திரும்பத் திரும்ப மூழ்கினால் மூன்று யோசனைகள் வரும். வடிகாலைப் பெரிதாக்கலாம். சிமென்ட் தரையைப் பெயர்த்துவிட்டு நீர் இறங்கும் தரை போடலாம். பக்கத்தில் ஈரநிலம் இருந்தால் வெள்ளத்தை அங்கே திருப்பலாம். இந்த மூன்றில் எது சரி என்ற பேச்சு பெரும்பாலும் "மொத்தம் எவ்வளவு மழை பெய்தது" என்ற கேள்வியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எனக்கு அது தவறான தொடக்கம் என்று படுகிறது. தெருவை மூழ்கடிப்பது மொத்த மழை அல்ல, வடிகால் தாங்கும் அளவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொஞ்ச நேரத்து நீர்தான். அந்தக் கொஞ்சம் எவ்வளவு, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று தெரிந்தால்தான் மூன்றையும் நேர்மையாக ஒப்பிட முடியும். அதைச் சொல்லும் படம்தான் ஹைட்ரோகிராஃப்.

படம் எளிமையானது. கிடைக்கோட்டில் நேரம், செங்குத்தில் ஒரு இடத்தைக் கடக்கும் நீரின் அளவு, விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று. மழை தொடங்கிச் சிறிது நேரத்தில் கோடு மேலே ஏறும், உச்சம் தொடும், பிறகு ஏறியதைவிட மெதுவாக இறங்கும். கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் ஓடிய நீரின் மொத்தக் கொள்ளளவு. உயரத்தைப் பார்த்தால் வேகம், பரப்பைப் பார்த்தால் அளவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கணக்குக்காக ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் என் வசதிக்காக அமைத்தவை, ஆனால் அளவுகள் நடப்புக்கு ஒத்தவை. நீர்ப்பிடிப்பு 60 ஹெக்டேர். அதன் கீழ்முனையில் சாலைக்கு அடியில் ஒரு கல்வெர்ட், விநாடிக்கு 4 கன மீட்டர் நீரைக் கடத்தும். அரை மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. அப்படியானால் வானத்திலிருந்து விழுந்தது 30,000 கன மீட்டர்.

அந்த நிலம் புல்லும் மரமுமாக இருந்த காலத்தில் விழுந்ததில் கால்பங்கு ஓடியது என்று வைப்போம்: 7,500 கன மீட்டர். அது சுமார் 250 நிமிடத்தில் மெதுவாக வடிந்தது. வரைபடத்தை ஒரு முக்கோணமாகக் கொண்டால் உச்சம் விநாடிக்கு 1 கன மீட்டர்தான். இப்போது கூரையும் தாரும் சிமென்டும் ஆகிவிட்டது. விழுந்ததில் 70 சதவீதம் ஓடுகிறது: 21,000 கன மீட்டர். வழுவழுப்பான தரையும் நேரான வடிகாலும் அதை 100 நிமிடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. 40-வது நிமிடத்தில் உச்சம், விநாடிக்கு 7 கன மீட்டர்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நீரின் அளவு கூடியது 2.8 மடங்கு. உச்சமோ 7 மடங்கு. மீதி எங்கிருந்து வந்தது? நேரம் இரண்டரை மடங்கு சுருங்கியதிலிருந்து. 2.8-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 7. தளம் போட்ட நிலம் இரண்டு வழியில் தாக்குகிறது: அதிக நீரை அனுப்புகிறது, அதையும் அவசரமாக அனுப்புகிறது. எந்தத் தீர்வும் இந்த இரண்டில் எதைத் தொடுகிறது என்று கேட்டுப் பார்த்தால் அதன் குணம் தெரிந்துவிடும்.

இப்போது வரைபடத்தில் 4 என்ற உயரத்தில் கிடையாக ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்கு மேலே ஒரு சிறிய முக்கோணம் தெரியும். உயரம் 3, அடிப்பாகம் சுமார் 43 நிமிடம். அதன் பரப்பு 3,860 கன மீட்டர். ஓடிய 21,000-ல் இது சுமார் 18 சதவீதம்தான். மீதி எல்லாம் கல்வெர்ட் வழியாகச் சிரமமில்லாமல் போய்விடும். தெருவில் தேங்குவது இந்த உச்சிமுக்கோணம்தான். மூன்று வழிகளையும் நான் இதை வைத்தே அளக்கப் போகிறேன்.

அதற்கு முன்: அளவுகோல் பொய் சொல்கிறதா?

கல்வெர்ட்டுக்குக் கீழ்ப்பக்கம் அளவுகோல் வைத்திருந்தால் அது ஒருநாளும் 7 காட்டாது. கோடு 4 வரை ஏறும், அங்கேயே மேசைபோல் தட்டையாக நிற்கும், அப்புறம் இறங்கும். அதைப் பார்த்து "உச்சம் 4-தானே, வடிகால் போதுமே" என்று முடிவு செய்தவர்கள் உண்டு. தட்டையான உச்சி என்பது அமைதியான மழைக்கு அடையாளம் அல்ல. கல்வெர்ட் தன் எல்லையைத் தொட்டுவிட்டது, மிச்சம் மேல்பக்கத்தில் தேங்குகிறது என்பதற்கு அடையாளம். உண்மையான உச்சத்தை மேல்பக்கம் வைத்த அளவுகோலிலிருந்தோ, தெருவில் தேங்கிய நீரின் அளவை அந்தத் தட்டைப் பகுதியோடு கூட்டியோதான் கண்டுபிடிக்க முடியும்.

இன்னொரு பொய்யும் உண்டு. அளவுகோல் காட்டுவது பெரும்பாலும் நீர்மட்டம். ஓட்டத்தை அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கிறோம். வடிகால் போய்ச் சேரும் ஆறோ கால்வாயோ ஏற்கெனவே நிரம்பியிருந்தால் நீர் பின்னுக்குத் தள்ளப்படும். மட்டம் ஏறும், ஓட்டமோ குறைந்திருக்கும். கணக்கு மட்டும் பெரிய வெள்ளம் என்று சொல்லும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். மழை நின்று வெகுநேரம் ஆகியும் மட்டம் இறங்காமல் இருக்கிறது, மிதக்கும் இலை நகராமல் கிடக்கிறது என்றால் கோளாறு கல்வெர்ட்டில் இல்லை, வடிகால் போய் முடியும் கடைவாயில் இருக்கிறது. அங்கே குழாயைப் பெரிதாக்குவது பணத்தை நீரில் போடுவதுதான்.

முதல் வழி: பெரிய குழாய்

குழாயைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. அதன் பக்கம் ஒரு வலுவான கணக்கு இருக்கிறது. அதே சரிவில் நிரம்பி ஓடும் குழாயின் கடத்தும் திறன் விட்டத்தின் 8/3 அடுக்கில் கூடும். விட்டத்தை 23 சதவீதம் கூட்டினால் போதும், திறன் 75 சதவீதம் கூடி 4 என்பது 7 ஆகிவிடும். இடம் எடுக்காது, பலன் அடுத்த மழையிலேயே தெரியும். கடைவாய் திறந்திருந்து, கீழே நீரை வாங்க அகலமான ஆறு இருந்தால் நான் குழாயையே முதலில் சொல்வேன்.

ஆனால் குழாய் அந்த 3,860 கன மீட்டரை எங்கும் வைத்துக்கொள்வதில்லை, அனுப்பிவிடுகிறது. மூழ்கிய தெரு, விரும்பாவிட்டாலும், இதுவரை ஒரு ஏரியின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதை விடுவித்தால் கீழே இருப்பவர்களுக்கு 4-க்குப் பதில் 7 போய்ச் சேரும். கீழே 10 தாங்கும் கால்வாய் இருக்கிறது, இன்னொரு கிளை அதே நேரத்தில் 5 கொண்டுவருகிறது என்று வைத்துப் பாருங்கள். முன்பு 9, தாங்கியது. இப்போது 12, கரை உடையும். நம் தெரு காய்ந்துவிட்டது என்று நாம் நிம்மதி அடையும் அதே நேரத்தில், அதே நீர் இன்னொரு வீட்டு வாசலில் ஏறுகிறது. ஆகவே குழாயைப் பற்றி முடிவெடுப்பவர்கள் தங்கள் வரைபடத்தோடு கீழ்க்கிளையின் வரைபடத்தையும் ஒரே காகிதத்தில் வரைய வேண்டும். இரண்டு உச்சங்களும் ஒரே நேரத்தில் வந்தால் குழாய் வெள்ளத்தை இடம் மாற்றுகிறது, அவ்வளவே.

இரண்டாம் வழி: நீர் இறங்கும் தரை

இது ஒன்றுதான் நோயின் மூலத்தைத் தொடுகிறது. நீரின் அளவையும் குறைக்கும், அவசரத்தையும் குறைக்கும். சிக்கல் பரப்பளவில் இருக்கிறது. சிமென்ட் தரையில் விழுவதில் 90 சதவீதம் ஓடுகிறது, நீர் இறங்கும் தரையில் 30 சதவீதம் ஓடுகிறது என்று கொண்டால், மாற்றும் ஒவ்வொரு ஹெக்டேரும் இந்த மழையில் 300 கன மீட்டரை நிறுத்தும். வரைபடத்தின் வடிவம் மாறாமல் உச்சத்தை 7-லிருந்து 4-க்கு இறக்க 9,000 கன மீட்டரை நிறுத்த வேண்டும். அதாவது 30 ஹெக்டேர், மொத்தப் பகுதியில் பாதி. நேரமும் நீளும் என்பதால் உண்மையில் கொஞ்சம் குறைவாகவே தேவைப்படும். என்றாலும் இது ஓராண்டு வேலை அல்ல, ஒரு தலைமுறை வேலை.

மண்ணும் ஒத்துழைக்க வேண்டும். களிமண்ணில் நீர் மணிக்குச் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். மேலே கொட்டுவதோ அரை மணியில் 50. அப்படிப்பட்ட இடத்தில் தரைக்கு அடியில் போடும் சல்லிப் படுகையின் இடைவெளிகள்தான் நீரைத் தாங்குகின்றன, மண் அல்ல. சல்லி நிறைந்துவிட்டால் அந்தத் தரையும் சிமென்ட் தரைபோலத்தான். நுண்ணிய வண்டல் துளைகளை அடைத்துவிடும் ஆபத்தும் உண்டு. பக்கத்தில் கட்டட வேலை நடந்து மண் கழுவி வந்தால் ஒரே பருவத்தில் அடைபடலாம். ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்த்தால் தெரியும்: நல்ல தரை ஊற்றிய இடத்திலேயே குடித்துவிடும், அடைபட்ட தரையில் நீர் பரவி ஓடும்.

இத்தனை குறை சொன்ன பிறகும் இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. காரணம், உச்சிமுக்கோணத்தின் கணக்கு. 5 ஹெக்டேரை மட்டும் மாற்றினால் 1,500 கன மீட்டர் நிற்கும், மொத்த நீரில் 7 சதவீதம் மட்டுமே. ஆனால் உச்சம் 6.5-க்கு இறங்கும், கோட்டுக்கு மேலே நீட்டியிருப்பது 3,860-லிருந்து சுமார் 2,900-க்கு வந்துவிடும். அது 25 சதவீதக் குறைவு. மூலத்தில் செய்யும் சிறிய வேலை உச்சியில் பெரிதாகத் தெரியும். தனியாக இது போதாது, துணையாக மிகவும் உதவும்.

மூன்றாம் வழி: ஈரநிலம்

ஈரநிலம் பஞ்சுபோல் நீரை உறிஞ்சும் என்று சொல்வது வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வெள்ளக் கணக்குக்கு அந்தப் படம் உதவாது. ஏற்கெனவே நனைந்திருக்கும் மண் புதிதாக எவ்வளவு குடிக்கும்? உச்சத்தைப் பிடித்து வைப்பது, ஈரநிலத்தின் வழக்கமான நீர்மட்டத்துக்கும் அது வழியும் மட்டத்துக்கும் இடையிலான காலி இடம். அத்துடன் கோரையும் நாணலும் ஓட்டத்தை உரசி மெதுவாக்குகின்றன. காலி இடம் இல்லாத ஈரநிலம் மழைக்கு ஒரு ஈரமான சிமென்ட் தளம்தான். புல்லாக், அக்ரிமேன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இதுவே தெரிந்தது: ஆற்றோரச் சமவெளி ஈரநிலங்கள் பெரும்பாலும் வெள்ளத்தைக் குறைத்தன அல்லது தாமதித்தன, ஆறு பிறக்கும் மேட்டுப் பகுதி ஈரநிலங்களில் கணிசமானவை, நனைந்து ஊறிக் கிடந்ததால், உச்சத்தைக் கூட்டவே செய்தன.

சரி, எவ்வளவு காலி இடம் வேண்டும்? இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று வருகிறது. அது ஈரநிலத்தின் அளவை மட்டும் பொறுத்ததல்ல, அதை வடிகாலோடு எப்படி இணைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

வடிகாலை நேராக ஈரநிலத்துக்குள் விட்டு, மறுமுனையில் சிறிய மதகு வழியாக வெளியேற்றுவது ஒரு முறை. இதில் மழையின் முதல் நீரே உள்ளே வந்துவிடும். மட்டம் ஏறினால்தான் மதகு வேகமாக ஓடும் என்பதால், கல்வெர்ட் சுலபமாகக் கடத்தியிருக்கக்கூடிய நீரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளியேறும் நீர் 4-ஐத் தாண்டாமலிருக்க நம் மழைக்குச் சுமார் 9,000 கன மீட்டர் காலி இடம் தேவை. 0.6 மீட்டர் ஆழத்துக்கு நிரப்பலாம் என்றால் ஒன்றரை ஹெக்டேர் நிலம்.

மற்ற முறையில் வடிகால் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். அதன் பக்கக் கரையில் ஒரு கலிங்கு. ஓட்டம் 4-ஐ எட்டும் மட்டத்தில் கலிங்கின் தலை இருக்கும். அதற்கு மேல் ஏறும் நீர் மட்டும் ஈரநிலத்தில் விழும். தேவை 3,860 மட்டுமே. நடைமுறையில் கலிங்கு அவ்வளவு துல்லியமாக வெட்டிக் கொடுக்காது, அதன் மேல் நீர் ஏறி விழவே கொஞ்சம் உயரம் வேண்டும். அதனால் 5,000 என்று வைத்துக்கொள்ளலாம். 0.6 மீட்டர் ஆழத்தில் 0.83 ஹெக்டேர். அதே மழை, அதே பாதுகாப்பு, நிலமோ ஏறத்தாழ பாதி. நிலம் கிடைக்காத நகரத்தில் முடிவே இதனால் மாறும்.

பிடித்த நீரை அப்படியே வைத்திருக்கவும் முடியாது. நாளைக்கு இன்னொரு மழை வந்தால் காலி இடம் இருக்காது. 3,860 கன மீட்டரை ஒரு நாளில் வடிக்க விநாடிக்குச் சுமார் 45 லிட்டர் போதும், சிறிய மதகு இதைச் செய்யும். ஆனால் அந்த மதகு குப்பையில் அடைபட்டால் யாருக்கும் தெரியாது, அடுத்த பெருமழையில்தான் தெரியும். நுழைவாயிலில் வண்டல் தேங்க ஒரு சிறு குழியும் வேண்டும், அதை அவ்வப்போது தூர்வார வேண்டும். இல்லாவிட்டால் வண்டல் ஈரநிலம் முழுக்கப் பரவி, வருடத்துக்கு வருடம் காலி இடத்தைத் தின்றுவிடும்.

ஈரநிலத்தின் உண்மையான எல்லை வேறொன்று. மழை இருமடங்காகி 100 மில்லிமீட்டர் ஆனால் உச்சம் 14. கோட்டுக்கு மேலே நீட்டுவது 3,860-ன் இருமடங்கா? இல்லை, சுமார் 21,400. ஐந்தரை மடங்கு. நம் ஈரநிலம் உச்சம் வருவதற்கு முன்பே நிரம்பிவிடும், அதன் பிறகு அது இல்லாததுபோலத்தான். ஆகவே நிரம்பி வழியும் நீர் எந்த வழியாகப் போகும் என்பதை முதலிலேயே முடிவு செய்து, அந்த வழியில் வீடு கட்டாமல் காக்க வேண்டும். குழாய்க்கும் இதே எல்லை உண்டு, அதைச் சொல்லாமல் ஈரநிலத்தை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல.

ஒரு பெரிய நகரம் தேர்ந்தெடுத்தது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஓடும் சார்ல்ஸ் ஆறு இந்த ஒப்பீட்டுக்கு நல்ல பாடம். 1955-லும் 1968-லும் அங்கே பெருவெள்ளம் வந்தது. ராணுவப் பொறியாளர் படை ஆற்றை ஆராய்ந்தபோது, ஒரே ஆற்றில் இரண்டு விதமான வரைபடங்களைக் கண்டது. கட்டடங்கள் நிறைந்த கீழ்ப்பகுதியில் வெள்ளம் சில மணி நேரத்தில் உச்சம் தொட்டது. ஈரநிலங்கள் நிறைந்த மேல்பகுதியிலோ நீர் நாட்கணக்கில் மெதுவாக இறங்கி வந்தது. மேலே அணை கட்டுவதைவிட, ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் ஈரநிலங்களை அழியாமல் காப்பதே மேல் என்று படை பரிந்துரைத்தது. 1974-ல் அனுமதி கிடைத்தது. 1983-க்குள் 17 ஈரநிலப் பகுதிகள், சுமார் 8,100 ஏக்கர், விலைக்கு வாங்கப்பட்டோ உரிமை பெறப்பட்டோ பாதுகாக்கப்பட்டன.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பாதி ஒன்று இருக்கிறது. பாஸ்டன் நகரை ஒட்டிய கீழ்ப்பகுதிக்கு அதே படை 1978-ல் நீரேற்றிகளோடு ஒரு புதிய அணையை முடித்தது. அவசரமாக வரும் உச்சத்துக்கு இயந்திரம், மெதுவாக வரும் உச்சத்துக்கு ஈரநிலம். ஆற்றின் எந்தப் பகுதியில் எந்த வடிவக் கோடு வருகிறது என்று பார்த்துத் தேர்ந்தார்கள். இதைத்தான் நான் மதிக்கிறேன்.

நம் 60 ஹெக்டேருக்கு

கீழ்க்கால்வாயில் இடமில்லை என்பதால் பெரிய குழாயை நான் எடுக்க மாட்டேன். பக்கக் கலிங்கோடு 0.83 ஹெக்டேர் ஈரநிலத்தை முதலில் செய்வேன், அடுத்தடுத்த ஆண்டுகளில் 5 ஹெக்டேர் தரையை மாற்றுவேன். தரை மாற மாற ஈரநிலத்தில் மிச்ச இடம் கூடும், அது பெரிய மழைகளுக்கு இருப்பாக இருக்கும். கடைவாயில் நீர் பின்தள்ளும் இடமாக இருந்தால் இந்த ஈரநிலம்கூட கீழிருந்து நிரம்பிவிடும்; அங்கே முதல் வேலை கடைவாயைச் சரிசெய்வது.

கலிங்கின் நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. விநாடிக்கு 3 கன மீட்டரை 0.25 மீட்டர் உயரத்தில் கடத்தக் குறைந்தது 14 மீட்டர் நீளம் வேண்டும். நீர் கலிங்கை நேராக மோதாமல் பக்கவாட்டில் வழுக்கிப் போவதால் நான் 20 மீட்டர் வைப்பேன்.

முதல் பெருமழைக்குப் பிறகு போய்ப் பார்க்க வேண்டியது இரண்டு அடையாளங்கள்: ஈரநிலத்துக் கோரைத் தண்டுகளில் சேறு எந்த உயரம் வரை ஒட்டியிருக்கிறது, தெருச் சுவரில் கறை எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது. தெரு மூழ்கியும் கோரை பாதிகூட நனையவில்லை என்றால் கலிங்கின் தலை உயரம் அதிகம் அல்லது நீளம் போதவில்லை. தெரு மூழ்கி, கோரையும் முழுக்க மூழ்கியிருந்தால் நீர்மட்டப் பதிவை எடுத்துப் பார்க்க வேண்டும். மழை நம் கணக்கைத் தாண்டாமலே, வடிகாலில் உச்சம் வருவதற்கு முன்பே ஈரநிலம் நிரம்பியிருந்தால் தலை தாழ்ந்திருக்கிறது. சாதாரண நீரே உள்ளே போய் இடத்தை அடைத்திருக்கிறது. அப்போது கலிங்கின் தலையில் ஒரு பலகை வைத்துச் சில சென்டிமீட்டர் உயர்த்தி, அடுத்த மழையின் கோட்டை இந்தக் கோட்டின் மேல் வரைந்து பார்க்கலாம்.